85 சதவீதமா, 0.4 சதவீதமா? செயற்கை நுண்ணறிவும் வளரும் நாடுகளின் வேலைவாய்ப்பும்: ஒரு மாணவர் கட்டுரைக்கான நூற்பட்டியல்

இயந்திரம் வந்தால் உழைப்பவரின் பிழைப்பு என்னவாகும் என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. டேவிட் ரிக்கார்டோ 1821இல் தம் பொருளியல் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரங்கள் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். இயந்திரத்தால் எல்லாத் தரப்பினருக்கும் நன்மையே என்று அதுவரை நம்பியிருந்தவர், தொழிலாளருக்கு அது தீங்காகவும் முடியலாம் என்று அதில் ஒப்புக்கொண்டார். 1930இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ், தொழில்நுட்பத்தால் வரும் வேலையின்மை ஒரு தற்காலிகச் சங்கடம் என்றார். இருவர் கண்முன்னும் இருந்தது பிரிட்டன். பாதிப் பேர் நிலத்தை நம்பியிருக்கும் நாட்டில், சம்பளப் பட்டியலே இல்லாத தொழில்கள் மலிந்த நாட்டில் இதே கேள்வியை எப்படிக் கேட்பது என்பது பின்னால் வந்த சிக்கல்.

இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதவிருக்கும் மாணவரிடம் முதலில் கேட்கப்படுவது குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியல். அதாவது, ஒவ்வொரு ஆய்வின் பெயரோடும் அது என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது, எங்கே பலவீனப்படுகிறது என்று நூறு, நூற்றைம்பது சொற்களில் ஒரு குறிப்பு. வழக்கமாக இந்தப் பட்டியலை ஆண்டு வரிசையிலோ, ‘நம்பிக்கை தருபவை, அச்சம் தருபவை’ என்றோ பிரிப்பார்கள். இந்தத் தலைப்புக்கு அந்த இரண்டு முறையும் பொருந்தா. ஓர் ஆய்வு எதை எண்ணுகிறது, எந்த நாட்டுத் தரவிலிருந்து எண்ணுகிறது என்பதை வைத்துப் பிரித்தால்தான் முரண்படுவதுபோல் தோன்றும் முடிவுகள் விளங்கத் தொடங்கும்.

## ஒரே கேள்வி, தலைகீழான வரிசை

உலக வங்கியின் 2016 உலக வளர்ச்சி அறிக்கையில், தொழில்நுட்ப அளவில் தானியங்கிமயமாகக்கூடிய வேலைகளின் பங்கு சீனாவில் 77 சதவீதம், இந்தியாவில் 69 சதவீதம், எத்தியோப்பியாவில் 85 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. 2023இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக பவெல் க்மிரெக், ஜனின் பெர்க், டேவிட் பெஸ்கோண்ட் எழுதிய ஆய்வுத்தாள் வேறொரு படத்தைக் காட்டியது. உரை உருவாக்கும் வகைச் செயற்கை நுண்ணறிவால் பறிபோகும் வாய்ப்புள்ள வேலைகள் உயர்வருமான நாடுகளில் 5.5 சதவீதம், குறைவருமான நாடுகளில் 0.4 சதவீதம்தான் என்றது அது. எத்தியோப்பியா குறைவருமான நாடு. முதல் கணக்கில் ஏழை நாட்டுக்கே ஆபத்து அதிகம். இரண்டாவது கணக்கில் அங்கேதான் மிகக் குறைவு.

இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ‘அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது’ என்று எழுதிவிடுவது மாணவர் கட்டுரைகளில் எளிதாக நேரும் பிழை. இங்கே கருத்து வேறுபாட்டைவிட, எண்ணப்பட்ட பொருளின் வேறுபாடுதான் பெரிது. 2016 கணக்கின் அடித்தளம், கார்ல் ஃப்ரேயும் மைக்கேல் ஆஸ்போர்னும் 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட ஆய்வு. அது கற்கும் மென்பொருளையும் நடமாடும் ரோபோவையும் சேர்த்தே கருதியது. வயலில் பறிப்பதும் ஆலையில் தைப்பதும் அந்த வலைக்குள் விழுந்தன. 2023 கணக்கு, உரையைக் கையாளும் மென்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் பார்வையில் முதலில் அடிபடுவது எழுத்தர் வேலை. எழுத்தர் பணிக்கூறுகளில் 24 சதவீதம் அதிகத் தாக்கத்துக்கும், மேலும் 58 சதவீதம் நடுத்தரத் தாக்கத்துக்கும் உட்படுவதாக அது மதிப்பிடுகிறது. ஏழை நாட்டில் எழுத்தர்களே குறைவு என்பதால் எண் சிறுத்துவிடுகிறது. அந்த 0.4 நல்ல செய்திதானா என்பது ஐயத்துக்குரியது. அலுவலக வேலைகள் இன்னும் வந்து சேராத நாடு என்பதையும் அதே எண் சொல்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் நூற்பட்டியலில் இடம்பெற வேண்டும். 69 சதவீதம் என்பது தொழில்நுட்ப அளவில் இயலக்கூடியது என்ற மதிப்பீடு. குறைந்த கூலியும், புதிய தொழில்நுட்பம் வந்துசேர ஆகும் தாமதமும் அதைத் தணிக்கும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டால் ‘இந்தியாவில் 69 சதவீத வேலை பறிபோகும்’ என்று எண் உருமாறிவிடும். மூல அறிக்கையின் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் அந்த எண்ணைக் குறிப்பில் எழுதக் கூடாது.

## அமெரிக்கப் பட்டியலுக்குள் இந்திய உழவர்

ஃப்ரேயும் ஆஸ்போர்னும் கணக்கிட்ட முறை குறிப்புரையில் விரிவாக இருக்க வேண்டும். பின்னால் வந்த பலருடைய கணக்கு அதன் மேல்தான் நிற்கிறது. அவர்கள் அமெரிக்க அரசின் தொழில் விவரத் தொகுப்பிலிருந்து 702 தொழில்களை எடுத்தார்கள். அவற்றில் 70 தொழில்களை மட்டும் துறை வல்லுநர்களை வைத்து, ‘முழுக்கத் தானியங்கியாக்கலாம்’, ‘முடியாது’ என்று கையால் குறித்தார்கள். மீதித் தொழில்களுக்கு அந்த 70இன் சாயலை வைத்து ஒரு நிரல் நிகழ்தகவு கொடுத்தது. அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் அதிக ஆபத்தில் உள்ளன என்ற புகழ்பெற்ற எண் அப்படிப் பிறந்தது.

இதற்கு எழுந்த முதல் மறுப்பும் நூற்பட்டியலில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெலானி ஆர்ன்ட்ஸ், டெரி கிரிகரி, உல்ரிச் சீரான் மூவரும் 2016இல், ஒரு தொழிலை முழுதாக எடைபோடாமல் அதே பெயருள்ள தொழிலில் ஒவ்வொருவரும் உண்மையில் செய்யும் பணிக்கூறுகளைப் பார்த்தார்கள். வளர்ந்த நாடுகள் 21இன் சராசரி 9 சதவீதமாகக் குறைந்தது. கணக்குப்பிள்ளை என்ற பெயரில் ஒருவர் நாள் முழுக்க ரசீது பதியலாம். இன்னொருவர் பாதி நேரம் வாடிக்கையாளரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கலாம்.

வளரும் நாடுகளுக்கு வரும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஃப்ரே, ஆஸ்போர்ன் பட்டியலில் பயிர்த்தொழில் கூலியாளுக்கு 87 சதவீத நிகழ்தகவு. விவசாயி, பண்ணை மேலாளர் என்ற தொழிலுக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு தஞ்சை விவசாயியை எங்கே சேர்ப்பது? தன் நிலத்தில் தானே நாற்று நடுகிறார், அறுவடைக் காலத்தில் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறார், எந்தப் பயிர் வைப்பது என்பதையும் தானே முடிவுசெய்கிறார். சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் தன் உணவுக்காகப் பயிரிடுவோருக்கென்று தனிப்பிரிவு உண்டு. அமெரிக்கப் பட்டியலில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆகவே ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ப்பவர், இவரை எந்த அமெரிக்கப் பெயரோடு இணைக்கிறார் என்பதைப் பொறுத்து எண் 87க்கும் 5க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் விழும். இந்தியாவில் 2023-24ஆம் ஆண்டு தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலை செய்வோரில் 46.1 சதவீதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் மொத்த எண்ணையே இந்த ஒரு இணைப்பு புரட்டிப்போட முடியும்.

பியோட்டர் லெவான்டோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் வைக்கலாம். பல நாடுகளில் தொழிலாளரிடமே நேரில் கேட்டுத் திரட்டிய தரவைக் கொண்டு, ஒரே பெயருள்ள தொழில் ஏழை நாட்டில் கூடுதல் வழக்கப்பாங்கானதாக, திரும்பத் திரும்பச் செய்வதாக இருக்கிறது என்று அது காட்டியது. எல்லா நாட்டிலும் தையல்காரர் ஒரே வேலையைத்தான் செய்கிறார் என்ற அனுமானம் இதனால் ஆட்டம் காண்கிறது.

புதிய ஆய்வுகள் இந்தக் குறையை அறியாதவை அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2025இல் தன் கணக்கைத் திருத்தியபோது, போலந்தின் தொழில் வகைப்பாட்டிலுள்ள ஏறத்தாழ 30,000 பணிக்கூறுகளை அடித்தளமாகக் கொண்டது, அங்கே வேலை செய்வோரிடமும் கருத்துக் கேட்டது. உலகத் தொழிலாளரில் நால்வரில் ஒருவர் ஏதோ ஒரு அளவில் தாக்கத்துக்கு உட்படும் தொழிலில் இருக்கிறார் என்பது அதன் முடிவு. அமெரிக்கா போய்ப் போலந்து வந்திருக்கிறது. தாக்காவின் தையல் கூடத்திலோ திருப்பூரின் ‘செக்கிங்’ மேசையிலோ நடக்கும் வேலையின் கூறுகள் இன்னும் அந்தப் பட்டியலின் அடித்தளத்துக்கு வரவில்லை.

## வேலையிடத்துக்குள் நடந்த ஆய்வுகள்

முதல் குழு ஆய்வுகள் என்ன நடக்கலாம் என்று கணிப்பவை. இரண்டாம் குழு, கருவி வந்த பிறகு என்ன நடந்தது என்று அளப்பவை. இவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கட்டுரையின் எடை இவற்றில்தான் இருக்க வேண்டும். ஒரு குறிப்புரை எப்படி அமையலாம் என்பதற்கு இந்தக் குழுவிலிருந்தே ஒரு மாதிரி:

> எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியெல் லீ, லிண்ட்சி ரேமண்ட். ஆய்வுத்தாளாக 2023, இதழில் 2025. கேள்வி: வாடிக்கையாளரோடு தட்டச்சில் உரையாடும்போது பதில்களைப் பரிந்துரைக்கும் கருவி, ஊழியரின் உற்பத்தித்திறனை மாற்றுகிறதா? தரவு: அமெரிக்கச் சிறு, நடுத்தர வணிகர்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் 5,000க்கும் மேற்பட்ட சேவை ஊழியர்கள், பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் இருப்பவர்கள். கருவி ஒரே நாளில் எல்லோருக்கும் தரப்படவில்லை. ஆகவே பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட முடிந்தது. முடிவு: ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் சிக்கல்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின (இதழ் வடிவில் 15). ஆய்வுத்தாளின்படி புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். அனுபவசாலிகளுக்கு மிகக் குறைவு. எல்லை: ஒரே நிறுவனம், வேலையில் இருப்பவர்கள் மட்டும். மொத்த ஆட்களின் எண்ணிக்கை, கூலி ஆகியவற்றின் மேலான விளைவை இது அளக்கவில்லை. என் கட்டுரையில்: பணிக்கூறு மாற்றத்துக்குச் சான்றாக, வேலையிழப்புக்கோ வேலைப் பெருக்கத்துக்கோ சான்றாக அல்ல.

கடைசி வாக்கியத்தை எழுதாத குறிப்புரை பாதிக் குறிப்புரைதான். மணிக்கு 14 சதவீதம் கூடுதலாகச் சிக்கல்கள் தீர்ந்தால் அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு குறைவான ஆட்களை எடுக்கலாம். செலவு குறைந்ததால் கூடுதல் வேலையைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பவும் செய்யலாம். அமெரிக்க வாடிக்கையாளர்கள் தங்கள் கேள்விகளை நேரடியாக மென்பொருளிடமே கேட்கத் தொடங்கிவிட்டால் இரண்டுமே நடக்காது. ஆய்வு இந்த மூன்றில் எதையும் மறுக்கவில்லை, எதையும் நிறுவவும் இல்லை. பதிப்பு வேறுபாட்டைக் குறித்து வைப்பதும் அதே அளவு முக்கியம். இந்தத் துறையில் ஆய்வுத்தாள் வந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தே இதழ் வடிவம் வருகிறது. இடையில் எண்கள் நகர்ந்துவிடுகின்றன.

திறன் குறைந்தவரைக் கருவி தூக்கிவிடும் என்ற முடிவு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கு எதிராக உடனே வைக்க வேண்டியது கென்யாவில் நடந்த சோதனை. நிக்கோலஸ் ஓட்டிஸும் உடன் ஆய்வாளர்களும் சிறுதொழில் நடத்தும் 640 பேரில் ஒரு பகுதியினருக்கு, வாட்ஸ்அப் வழியே ஜிபிடி-4 கொண்டு ஆலோசனை சொல்லும் துணையைக் கொடுத்தார்கள். சராசரியில் எந்த விளைவும் தெரியவில்லை. ஏற்கெனவே நன்றாகத் தொழில் செய்தவர்கள் மேலும் முன்னேறினார்கள். தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். பிலிப்பைன்ஸில் கேள்விகள் திரும்பத் திரும்ப வருபவை, சரியான பதில் நிறுவனத்தின் பழைய உரையாடல்களிலேயே இருக்கிறது. கென்யாவில் கடை நடத்துபவருக்கு எந்த ஆலோசனையைக் கேட்பது, எதைத் தள்ளுவது என்ற தீர்மானம் தன்னுடையது. வளரும் நாடுகளில் சம்பள வேலையைவிடச் சுயதொழிலே மிகுதி. இந்தியாவில் 2023-24இல் வேலை செய்வோரில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். ஆகவே இந்த நாடுகளைப் பற்றிப் பேச பிலிப்பைன்ஸ் முடிவைவிடக் கென்யா முடிவே பொருத்தமாக இருக்கக்கூடும். ஒரே சோதனையை வைத்து இதற்கு மேல் அழுத்திச் சொல்ல முடியாது.

ஆள் எடுப்பதில் நேர்ந்த மாற்றத்தை நேராகப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது, அலெக்ஸாண்டர் கோப்ஸ்டேக், மேக்ஸ் மார்சினெக், ஆஷ்லி பாப்பிள், கேதரின் ஸ்டேபிள்டன் ஆகியோர் இந்தியாவின் மிகப் பெரிய வேலைவாய்ப்பு இணையதளத்தின் விளம்பரங்களைக் கொண்டு செய்தது. 2016க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவுத் திறன் கேட்டு ஆள் எடுத்த நிறுவனங்கள், மற்ற வேலைகளுக்கு எடுக்கும் ஆட்களைக் குறைத்தன, தர முன்வந்த சம்பளமும் குறைந்தது என்பது அதன் முடிவு. இது அச்சத்துக்கு வலுவான சான்று. ஆனால் விளம்பரம் என்பது காலியிடம், நிரம்பிய வேலை அல்ல. அந்த இணையதளத்தில் கட்டடத் தொழிலாளியையோ வீட்டுவேலை செய்பவரையோ யாரும் தேடுவதில்லை. மேலும், இன்றைய உரையாடல் கருவிகள் பரவும் முந்தைய கட்டத்தைத்தான் அது படம்பிடிக்கிறது.

## பெரிய வாதங்கள்

மூன்றாம் குழுவில் நாட்டின் வளர்ச்சிப் பாதையைப் பற்றிய வாதங்கள். டேனி ரோட்ரிக் 2016இல் எழுதிய கட்டுரை, இன்றைய ஏழை நாடுகள் போதிய செல்வம் சேரும் முன்பே ஆலைத்தொழிலை இழக்கத் தொடங்கிவிட்டன என்று காட்டியது. அது செயற்கை நுண்ணறிவைப் பற்றியதல்ல. ஆனால் ஆலைக்குப் பதிலாகச் சேவை ஏற்றுமதியைப் பற்றிக்கொண்டு மேலேறிய இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும், அந்தப் பிடியும் நழுவுமா என்ற கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது. அசெமோக்லுவும் ரெஸ்ட்ரெப்போவும் 2019இல் முன்வைத்த சட்டகம், பழைய பணிக்கூறுகளை இயந்திரம் பறிப்பதையும் புதிய பணிக்கூறுகள் உருவாவதையும் எதிரெதிர் விசைகளாகப் பார்க்கிறது. மாணவருக்கு இது நல்ல கருவி. புதிய பணிக்கூறுகள் உருவாகும் நாடும் பழையவை அழியும் நாடும் ஒன்றாகவே இருக்கும் என்று அந்தச் சட்டகம் உறுதி தரவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இணையமும் கணினியும் பற்றிய வாதம் தனி. லத்தீன் அமெரிக்காவைப் பற்றி க்மிரெக், ஹெர்னான் விங்க்லர், சாண்டியாகோ கர்கன்டா 2024இல் எழுதிய ஆய்வு, கருவியால் பயன்பெறக்கூடிய வேலைகளில் ஏறத்தாழப் பாதி, இணைய வசதியோ கணினிப் பயன்பாடோ இல்லாததால் அந்தப் பயனை அடைய முடியாது என்கிறது. பறிபோகக்கூடிய வேலைகளோ இணையம் உள்ள நகர அலுவலகங்களில்தான் இருக்கின்றன. பின்தங்கிய உள்கட்டமைப்பு ஏழை நாட்டைக் காக்கும் என்ற ஆறுதலை இந்த ஆய்வு பெரிதும் பலவீனப்படுத்துகிறது. இழப்பு வந்துவிடும், பயன்தான் தாமதமாகும்.

செயற்கை நுண்ணறிவுக்காகத் தரவைக் குறியிட்டும் சலித்தும் கொடுக்கும் கென்யா, இந்தியா, பிலிப்பைன்ஸ் தொழிலாளரைப் பற்றிய ஆய்வுகள், செய்திப் புலனாய்வுகள் நான்காம் குழு. அவை பெரும்பாலும் நேர்காணல் வழி வந்தவை. வேலையின் தரம், கூலி, மனவதை பற்றி வேறெங்கும் கிடைக்காத சான்றுகளை அவை தருகின்றன. வேலைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேச அவற்றைப் பயன்படுத்த இயலாது.

## பட்டியலை எப்படிக் கட்டுவது

ஒரு பருவத்துக் கட்டுரைக்குப் பதினைந்திலிருந்து இருபது பதிவுகள் போதும். ‘வளரும் நாடுகள்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டால் பட்டியல் பரந்துபோய்க் கட்டுரை மேலோட்டமாகிவிடும். ஒரு நாடும் ஒரு தொழில் வகையும் தேர்ந்துகொள்வது நல்லது. உதாரணமாக, இந்தியாவில் எழுத்தர், தரவுப்பதிவு வேலைகள். பிறகு ஒவ்வொரு ஆய்விலும் முதலில் தேட வேண்டியது முறையியல் பகுதியில் பணிக்கூறுகளின் பட்டியல் எந்த நாட்டுடையது என்ற ஒரு வரி. பெரும்பாலும் அது தரவைப் பற்றிய பிரிவிலோ பின்னிணைப்பிலோ இருக்கும். சுருக்கவுரையில் இருக்காது. அடுத்து, எண் குறிப்பது இயலக்கூடியதையா, நடந்ததையா? சர்வதேச நாணய நிதியம் 2024இல் குறைவருமான நாடுகளில் 26 சதவீத வேலைகள் தாக்கத்துக்கு உட்படும் என்றது. அதில் கருவி துணைநிற்கும் வேலைகளும் அடக்கம். அதை 0.4 சதவீதத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

சொந்தமாக ஒரு சிறு கணக்குப் போட விரும்பும் மாணவர், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்வாரி மதிப்பெண்களை இந்தியத் தொழிலாளர் கணக்கெடுப்போடு இணைத்துப் பார்க்கலாம். இந்தியத் தொழில் வகைப்பாடு சர்வதேச வகைப்பாட்டை ஒட்டியே அமைந்திருப்பதால் அது இயலும். தடை ஒன்று உண்டு. மதிப்பெண்கள் நான்கு இலக்கக் குறியீட்டில் உள்ளன. கணக்கெடுப்பு மூன்று இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. 522 என்ற குறியீட்டுக்குள் பெட்டிக்கடை உரிமையாளரும், துணிக்கடையில் நின்று விற்கும் பெண்ணும், அவருடைய மேற்பார்வையாளரும் ஒன்றாக அடங்கிவிடுகிறார்கள். இந்த மூவரின் மதிப்பெண்ணையும் சராசரி எடுத்தால் கிடைப்பது அவர்களில் எவருடைய வேலையையும் குறிக்காத ஓர் எண். 413 என்ற தட்டச்சு, தரவுப்பதிவுப் பிரிவு அப்படிச் சிதறாதது. எழுத்தர் வேலையைத் தேர்ந்தால் கணக்கு ஓரளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இதுவே காரணம்.

## திறந்தே இருப்பவை

இப்போதுள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று கூற்றுகளுக்கு மட்டும் ஓரளவு வலு உண்டு. வளரும் நாடுகளில் முதல் அழுத்தம் அலுவலக, சேவை ஏற்றுமதி வேலைகள் மீது விழும். அதில் பெண்களின் பங்கு ஆண்களைவிட அதிகமாக இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2023, 2025 கணக்குகள் இரண்டும் இதில் ஒத்துப்போகின்றன. பயனும் இழப்பும் ஒரே ஆட்களுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மொத்த வேலைகள் கூடுமா குறையுமா என்பதில் எந்தப் பக்கம் சாய்வதற்கும் சான்று போதவில்லை. அமெரிக்கப் பட்டியலிலிருந்து பெயர்த்த நாட்டளவு எண்களை முடிவுரையில் பயன்படுத்தாமல் இருப்பதே பொறுப்பான செயல் என்று கருதுகிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி, வேலையிழந்தவர் அதன்பின் எங்கே போனார் என்பது. இந்தியத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2024 வரை நகரக் குடும்பங்களை மட்டுமே மறுபடி சந்தித்தது, அதுவும் ஓராண்டுக்குள் நான்கு முறை. 2025 ஜனவரியிலிருந்து கிராமக் குடும்பங்களையும் மறுபடி சந்திக்கிறது, ஆனால் அடுத்தடுத்த நான்கு மாதங்களில் அது முடிந்துவிடுகிறது. தரவுப்பதிவு வேலை போன ஒருவர் இரண்டு ஆண்டுகள் கழித்து என்ன செய்கிறார் என்பதை அந்தக் கணக்கெடுப்பிலிருந்து அறிய முடியாது.